பொதுக்குழுவில் என்ன முடிவானது, யார் எவ்வளவு கட்ட வேண்டும்: செம்பூர் சொசைட்டி உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

செம்பூர், மும்பை
5 அக்டோபர் 2024

நம் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தின் உறுப்பினர்களுக்கு வணக்கம்.

2023-24ஆம் ஆண்டுக்கான பொதுக்குழுக் கூட்டம் செப்டம்பர் 22 ஞாயிற்றுக்கிழமை காலை நம் கட்டடத்தின் ஸ்டில்ட் பகுதியில் நடந்தது. நடவடிக்கைக் குறிப்பின் வரைவு மராத்தியிலும் ஆங்கிலத்திலும் எல்லா வீட்டுக்கும் வந்திருக்கும். பதினோரு பக்கம். நம் இரண்டு விங்கிலும் தமிழ் மட்டுமே சரளமாக வாசிக்கிற பெரியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கூட்டம் முடிந்த மறுநாளிலிருந்தே லிஃப்ட் வாசலில் என்னைப் பிடித்துக் கேட்கும் கேள்வி இரண்டுதான். "சிங்கிங் ஃபண்டில் இவ்வளவு பணம் இருக்கும்போது எங்களிடம் ஏன் கேட்கிறீர்கள்?" என்பது ஒன்று. "என் பாக்கி இவ்வளவு என்று எப்படிக் கணக்குப் போட்டீர்கள்?" என்பது இன்னொன்று. அந்தப் பதினோரு பக்கத்தின் சாரத்தை இந்த இரண்டு கேள்விகளையும் வைத்தே சொல்லிவிடுகிறேன். மற்றத் தீர்மானங்களை வேகமாகக் கடந்துவிடுவேன்.

முதலில், கூட்டம் செல்லுமா என்ற சந்தேகம். மொத்தம் 40 உறுப்பினர்கள். துணைவிதிப்படி மூன்றில் இரண்டு பங்கு அல்லது 20 பேர், இரண்டில் எது குறைவோ அத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும், அதுதான் கோரம். அன்றைக்குக் கையெழுத்துப் போட்டவர்கள் 26 பேர். ஆகவே கூட்டம் முறைப்படிதான் நடந்தது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் சார்பில் மூன்று பெற்றோர்கள் கடிதத்தோடு வந்திருந்தார்கள். அவர்களை வாக்களிக்க விட முடியவில்லை. பொதுக்குழுவில் பிறர் சார்பில் வாக்களிக்கவோ, அதிகாரப் பத்திரத்தைக் காட்டி உட்காரவோ துணைவிதி இடம் தருவதில்லை. அவர்களுக்கு வருத்தம்தான், எனக்குப் புரிகிறது. அந்த வீட்டில் நிரந்தரமாக இருப்பவர் நீங்கள்தான் என்றால், சட்டப்படி இணை உறுப்பினராகச் சேர முடியுமா என்று பிள்ளைகளிடம் பேசி முடிவெடுங்கள். அப்படிச் சேர்ந்துவிட்டால், முதல் உறுப்பினர் ஊரில் இல்லாதபோது அடுத்த ஆண்டு நீங்களே கை தூக்கலாம்.

சரி, பணத்துக்கு வருவோம்.

நம் கட்டடம் 1988இல் முடிந்தது. இப்போது வயது 36. முப்பது ஆண்டைத் தாண்டிய கட்டடத்துக்கு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை ஸ்ட்ரக்சுரல் ஆடிட் செய்ய வேண்டும் என்பது துணைவிதி. அப்படிச் செய்த ஆடிட்டின் அறிக்கைதான் கூட்டத்தில் பாதி நேரத்தை எடுத்துக்கொண்டது. ஸ்டில்டில் பைக் நிறுத்துகிறவர்கள் ஏ விங் மூலைத் தூணைப் பார்த்திருப்பீர்கள். கான்கிரீட் ஓரமாகப் பிளந்து, உள்ளே இருக்கும் கம்பி பழுப்பாகத் தெரிகிறது. பொறியாளர் சின்னச் சுத்தியலால் அந்தத் தூணை மேலிருந்து கீழே தட்டிக்கொண்டே வந்தார். நல்ல இடத்தில் 'டங்' என்று கெட்டியாகக் கேட்டது. பிளவுக்கு அரையடி மேலே தட்டியபோது வெற்றுப் பானையைத் தட்டின மாதிரி சத்தம். வெளியே பூச்சு ஒழுங்காகத் தெரிந்தாலும் உள்ளே கான்கிரீட் கம்பியை விட்டு விலகிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

இப்படி ஏன் ஆகிறது என்று கூட்டத்தில் அவர் விளக்கியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். புதுக் கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியைத் துருப்பிடிக்காமல் காக்கும். ஆண்டுகள் போகப் போகக் காற்றில் இருக்கும் கரியமில வாயு உள்ளே இறங்கி அந்தக் காரத்தைக் குறைத்துவிடுகிறது. இங்கே மழையும் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்கின்றன. கம்பி துருப்பிடிக்க ஆரம்பித்தால், துரு இரும்பைவிடப் பல மடங்கு இடத்தைப் பிடித்து உள்ளிருந்தே கான்கிரீட்டைத் தள்ளிப் பிளக்கும். பிளந்த வழியே மேலும் ஈரம் போகும். தட்டிப் பார்த்ததோடு நிற்காமல் கம்பியின் மின்னழுத்தத்தை அளக்கும் சோதனையும் செய்தார்கள். அதில் அளவு மைனஸ் 350 மில்லிவோல்ட்டுக்கும் கீழே போனால், அந்த இடத்தில் துரு ஓடிக்கொண்டிருக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு உண்டு. நம் ஸ்டில்ட் தூண்களில் ஆறு அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கின்றன. எந்தெந்தத் தூண் என்று அறிக்கையின் படத்தில் சிவப்பில் குறித்திருக்கிறது. அலுவலகத்தில் வைத்திருக்கிறோம், வந்து பாருங்கள்.

மூன்று டெண்டர்கள் வந்தன. குறைந்தது 31 லட்சம், அதிகம் 44 லட்சம், நடுவில் 36 லட்சம், எல்லாம் ஜிஎஸ்டி உட்பட. குறைந்ததை ஏன் விட்டோம் என்று பலர் கேட்டார்கள், நியாயமான கேள்வி. அந்த டெண்டரில் தூணுக்கு முட்டுக் கொடுக்கும் செலவே இல்லை. மேலே நான்கு மாடி எடை உட்கார்ந்திருக்கும் தூணைச் செதுக்கும்போது ஜாக்கி வைத்து எடையை மாற்றித் தாங்காவிட்டால் வேலை ஆபத்தானது. பாதியில் நின்று "இது எக்ஸ்ட்ரா" என்று கேட்பார்கள், அல்லது முட்டே இல்லாமல் மேலோட்டமாகப் பூசிவிட்டுப் போய்விடுவார்கள். பொறியாளர் விடுபட்ட ஐட்டங்களைச் சேர்த்துப் போட்டுக் காட்டியபோது அந்த 31 லட்சம் 37ஐத் தொட்டது. 36 லட்சம் டெண்டரைப் பொதுக்குழு ஏற்றது. ஆதரவு 19, எதிர்ப்பு 5, இரண்டு பேர் வாக்களிக்கவில்லை.

இப்போது சிங்கிங் ஃபண்ட். மார்ச் 31 நிலவரப்படி அதில் 22 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய் டெபாசிட்டில் இருக்கிறது. ரிப்பேர் ஃபண்டில் 6 லட்சத்து 80 ஆயிரம். இரண்டையும் கூட்டினால் 29 லட்சம் வருகிறது, இன்னும் ஏழு லட்சம் போட்டால் முடிந்தது என்று ஒரு பெரியவர் எழுந்து கணக்குச் சொன்னார். கூட்டல் சரிதான். ஆனால் அந்தப் பணம் எதற்காகச் சேர்ந்தது என்பதைப் பார்க்க வேண்டும்.

சிங்கிங் ஃபண்டுக்கு ஒவ்வொரு வீட்டின் கட்டுமானச் செலவில் ஆண்டுக்குக் குறைந்தது 0.25 சதவீதம் கட்டுகிறோம். ரிப்பேர் ஃபண்டுக்குக் குறைந்தது 0.75 சதவீதம். நிலத்தின் விலை இதில் சேராது. நம் பதிவேட்டில் ஒன் பிஹெச்கே வீட்டின் கட்டுமானச் செலவு 1,60,000 ரூபாய், டூ பிஹெச்கேக்கு 2,40,000. எல்லாம் 1988இன் விலை. ஆகவே ஒன் பிஹெச்கேக்காரர் சிங்கிங் ஃபண்டுக்கு ஆண்டு முழுவதும் கட்டுவது 400 ரூபாய், ரிப்பேர் ஃபண்டுக்கு 1,200. நாற்பது வீடும் சேர்ந்து ரிப்பேருக்கு ஆண்டுக்கு 57,600தான் வருகிறது. இன்றைக்கு ஒரு டெரஸ் நீர்த்தடுப்பு வேலைக்குக்கூட அது காணாது. 36 ஆண்டுகளாகக் குறைந்தபட்ச விகிதத்திலேயே கட்டிவந்ததால்தான் இன்று மொத்தமாகக் கேட்க வேண்டியிருக்கிறது. அடுத்த பொதுக்குழுவில் ரிப்பேர் ஃபண்டின் விகிதத்தை உயர்த்தும் தீர்மானத்தைக் கொண்டுவரப்போகிறோம். இப்போதே சொல்லிவிடுகிறேன், யோசித்து வையுங்கள்.

சிங்கிங் ஃபண்டைத் தொடவே கூடாது என்பதில்லை. கட்டடத்தைத் திரும்பக் கட்டுவதற்கும், அதன் வலுவுக்கு அவசியம் என்று பொறியாளர் சான்று தரும் பெரிய வேலைகளுக்கும் பொதுக்குழுவின் தீர்மானத்தோடு எடுக்கலாம். வெளிச்சுவர்ப் பூச்சும் பெயின்டும் அதில் வராது. ஆறு தூண்களுக்கும் அவற்றோடு சேர்ந்த பீம்களுக்கும் ஆகும் பங்கை 10 லட்சம் என்று பொறியாளர் சான்றளித்திருக்கிறார். அந்த 10 லட்சத்தை மட்டும் எடுப்பது என்று முடிவாகியிருக்கிறது. துணைப் பதிவாளர் அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறோம், பதில் கைக்கு வந்த பிறகே டெபாசிட்டை உடைப்போம். மீதி 12 லட்சத்து 40 ஆயிரம் இருக்கும். நாளைக்கு ரீடெவலப்மென்ட் பேச்சு வந்தாலும், ஒரு தூண் திடீரென்று மோசமானாலும் கையில் இருக்கப்போவது அந்தப் பணம்தான்.

ஆக, 36 லட்சத்தில் சிங்கிங் ஃபண்ட் 10 லட்சம், ரிப்பேர் ஃபண்ட் 6 லட்சத்து 80 ஆயிரம். மீதி 19 லட்சத்து 20 ஆயிரம் நாம் கட்ட வேண்டியது.

இதை வீட்டுக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரிப்பதா, அளவைப் பார்த்துப் பிரிப்பதா என்பதில் நல்ல சூடான வாக்குவாதம் நடந்தது. டூ பிஹெச்கே உறுப்பினர்கள் சிலர், "வாட்ச்மேன் சம்பளத்தைச் சமமாகத்தானே பிரிக்கிறோம், இதற்கு மட்டும் ஏன் வேறு கணக்கு?" என்றார்கள். துணைவிதி இரண்டையும் வேறு வேறாகத்தான் பார்க்கிறது. வாட்ச்மேன், பொது விளக்கு, துப்புரவு, தணிக்கைக் கட்டணம் எல்லாம் சேவைக் கட்டணத்தில் வரும். வீடு சின்னதோ பெரியதோ வாட்ச்மேன் எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் வேலை பார்க்கிறார், அதனால் சமம். லிஃப்டும் அப்படியே, முதல் மாடிக்காரர் ஏறினாலும் ஏறாவிட்டாலும் சமம். ரிப்பேரும் சிங்கிங் ஃபண்டும் கட்டுமானச் செலவின் விகிதத்தில் போகும், ஏனென்றால் பெரிய வீட்டுக்குச் சுவரும் தளமும் அதிகம். தண்ணீர்க் கட்டணம் வீட்டில் இருக்கும் குழாய்களின் எண்ணிக்கையையும் அளவையும் பொறுத்தது. சொத்து வரி மாநகராட்சி போடுகிறபடி. 500 சதுர அடிக்குள் இருக்கும் குடியிருப்பு வீடுகளுக்கு மும்பையில் 2022 முதல் சொத்து வரி விலக்கு இருக்கிறது, நம் ஒன் பிஹெச்கே எல்லாம் அதில் வருகின்றன. ஒரே மாடியில் எதிரெதிர் வீட்டின் பில்லை ஒப்பிட்டு, தவறு நடந்திருக்கிறது என்று நினைப்பவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1,60,000க்கும் 2,40,000க்கும் உள்ள விகிதம் 2க்கு 3. ஒன் பிஹெச்கே 24, டூ பிஹெச்கே 16. கணக்கைப் போட்டால் ஒன் பிஹெச்கேக்கு 40,000 ரூபாய், டூ பிஹெச்கேக்கு 60,000 ரூபாய். இரண்டு வகையிலிருந்தும் வருவது தலா 9 லட்சத்து 60 ஆயிரம். பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதை நவம்பர் 2024 முதல் ஜூன் 2026 வரை 20 தவணையாகக் கட்டலாம். ஒன் பிஹெச்கே மாதம் 2,000, டூ பிஹெச்கே மாதம் 3,000. "எட்டு மாதத்தில் முடித்துவிடலாமே, ஒரே செக்காகக் கொடுத்துவிடுகிறேனே" என்று சிலர் கேட்டார்கள். நல்ல மனசுதான், ஆனால் அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சொசைட்டியின் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டி, ஒரு உறுப்பினரிடம் வாங்கும் மாதக் கட்டணமும் 7,500 ரூபாயைத் தாண்டினால் 18 சதவீத ஜிஎஸ்டி வந்துவிடும். இந்த ரிப்பேர் பணத்தோடு நம் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டப்போகிறது, அதைத் தவிர்க்க முடியாது. ஆகவே 7,500 என்ற கோட்டுக்குள் நிற்க வேண்டும். டூ பிஹெச்கேயின் மாத பில் இப்போது 4,300, தவணையோடு 7,300. எட்டுத் தவணையாக்கியிருந்தால் மாதம் 7,500 கூடி 11,800 ஆகியிருக்கும். 20 என்று வந்ததன் காரணம் இதுதான். தயவுசெய்து மாதா மாதம் பில்லில் வருவதை மட்டும் கட்டுங்கள்.

வேலையும் அதற்கேற்ப இரண்டு பருவமாகப் பிரிகிறது. தீபாவளி முடிந்து வரும் மே வரை தூண்கள், பீம்கள், டெரஸ். அதன் செலவு 21 லட்சம். அடுத்த மழை ஓய்ந்ததும் வெளிச்சுவர்ப் பூச்சு, வடிகால் குழாய்கள், பெயின்ட். அது 15 லட்சம். ஒவ்வொரு பில்லையும் அளந்து பார்த்துத்தான் கொடுப்போம். அளவுப் புத்தகத்தில் பொறியாளரும் கமிட்டியில் ஒருவரும் கையெழுத்துப் போட வேண்டும். பில்லில் 5 சதவீதத்தைப் பிடித்துவைத்து, வேலை முழுக்க முடிந்து ஒரு மழைக்காலம் ஒழுகாமல் கடந்த பிறகே விடுவிப்போம். 36 லட்சத்தில் அது 1,80,000 ரூபாய். மொத்தச் செலவு பத்து சதவீதத்துக்கு மேல் ஏறுவதாக இருந்தால் கமிட்டியே முடிவெடுக்காது, சிறப்புப் பொதுக்குழு கூடும்.

தூண் வேலை நடக்கும்போது நீங்களும் ஒரு கண் வைத்திருங்கள். தளர்ந்த கான்கிரீட் முழுவதையும் கம்பியின் பின்பக்கம் தெரியும்வரை செதுக்க வேண்டும். கம்பியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து உலோக நிறம் தெரிய வேண்டும். துருத்தடுப்புப் பூச்சு காய்ந்த பிறகே புதுக் கான்கிரீட். பழுப்பு நிறக் கம்பிமேல் நேராகச் சிமென்ட் அப்புவதைப் பார்த்தால் அந்த இடத்திலேயே ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். பூசி மூடிவிட்டால் பிறகு யாருக்கும் தெரியாது, மூன்று மழையில் மறுபடியும் பிளக்கும்.

ஒழுகல் பற்றியும் ஒரு வார்த்தை. டெரஸ் வழியாக மழைநீர் இறங்கி நான்காம் மாடியின் கூரைப் பூச்சு உதிர்ந்தால் அதைச் சரிசெய்வது சொசைட்டியின் பொறுப்பு. பொதுக் குழாய், வடிகால் குழாய் ஒழுகினாலும் அப்படியே. மேல் வீட்டுக் குளியலறையிலிருந்தோ சிங்க்கிலிருந்தோ கீழே இறங்கினால் அந்த மேல் வீட்டுக்காரர்தான் செலவழிக்க வேண்டும். எங்கிருந்து வருகிறது என்பதில்தான் சண்டை வரும். மழைக்காலத்தில் மட்டும் நனைந்து மார்ச்சில் காய்ந்துவிடும் கறை பெரும்பாலும் டெரஸ் அல்லது வெளிச்சுவர். ஆண்டு முழுவதும் ஈரமாகவே இருப்பது பெரும்பாலும் குளியலறை. சந்தேகம் தீரவில்லை என்றால் சாயம் கலந்த தண்ணீரைத் தேக்கிவைத்துப் பார்ப்போம். பி விங்கில் இப்படி இரண்டு புகார்கள் இருக்கின்றன, நவம்பரில் இரண்டையும் பொறியாளர் முன்னால் பார்த்துவிடுவோம்.

இனி பாக்கி. மார்ச் 31 நிலவரப்படி நான்கு வீடுகள் மூன்று மாதத்துக்கு மேல் கட்டவில்லை. வீட்டு எண்களை இந்த மடலில் எழுதப்போவதில்லை, சம்பந்தப்பட்டவர்களுக்குத் தனிக் கடிதம் வந்திருக்கும். தணிக்கையாளர் தன் அறிக்கையில் ஒரு விஷயத்தைச் சுட்டியிருக்கிறார், அது பாக்கி வைத்தவர்களுக்குச் சாதகமானது, ஆகவே விளக்கமாகவே சொல்கிறேன்.

கட்டாத தொகைக்கு அதிகபட்சம் ஆண்டுக்கு 21 சதவீதம் வரை தனி வட்டி வாங்கலாம் என்கிறது துணைவிதி. நம் பொதுக்குழு வைத்திருப்பது 18 சதவீதம், அதாவது மாதம் ஒன்றரை. 21ஆக உயர்த்தும் யோசனை இந்தக் கூட்டத்தில் தோற்றுவிட்டது. தனி வட்டி என்றால் அசலுக்கு மட்டும் வட்டி, வட்டிக்கு வட்டி கிடையாது. நம் பில் தயாரிக்கும் கணக்கு அலுவலகத்தின் மென்பொருளோ, ஒவ்வொரு மாதமும் வட்டியைப் பழைய பாக்கியோடு சேர்த்து ஒரே வரியாக்கி, அடுத்த மாதம் அந்த மொத்தத்துக்கும் வட்டி போட்டிருக்கிறது. அது கூட்டு வட்டி, வாங்கக் கூடாது.

ஒரு வீட்டின் கணக்கைப் பார்ப்போம். மாதம் 3,000 ரூபாய், ஏப்ரல் 2021 முதல் மார்ச் 2024 வரை 36 பில்கள் கட்டவில்லை. அசல் 1,08,000. ஒவ்வொரு பில்லும் அந்த மாதக் கடைசி நாளுக்குள் கட்ட வேண்டியது. முதல் பில்லுக்கு மார்ச் 2024 முடிவில் 35 மாதம் கடந்துவிட்டது, அடுத்ததற்கு 34, கடைசி பில்லுக்கு ஒன்றுமில்லை. 35 முதல் 0 வரை கூட்டினால் 630. ஒரு பில்லுக்கு ஒரு மாத வட்டி 45 ரூபாய். 630ஐ 45ஆல் பெருக்கினால் 28,350. அதுதான் சரியான வட்டி. பில்லில் வந்திருந்தது 33,828. அதிகமாகப் போட்டது 5,478 ரூபாய். முதல் ஆண்டு முடிவில் இதே வித்தியாசம் 154 ரூபாய்தான் இருந்தது, அதனால்தான் யார் கண்ணிலும் படாமல் போயிருக்கிறது.

நான்கு கணக்குகளையும் திருத்தி, அதிகமாகப் போட்டதைக் கழித்துவிட வேண்டும் என்று பொதுக்குழு ஒருமனதாக முடிவுசெய்தது. இதற்கு முன்பு பாக்கி வைத்து, கூடுதல் வட்டியோடு கட்டி முடித்தவர்களுக்கும் அந்த வித்தியாசம் அடுத்த பில்லில் வரவு வைக்கப்படும். அக்டோபர் பில்லிலிருந்து 'அசல் பாக்கி', 'வட்டி பாக்கி' என்று இரண்டு தனித்தனி வரிகள் வரும். நீங்களே சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. நடப்பு மாத வட்டியை, போன மாத பில்லில் இருக்கும் அசல் பாக்கியால் வகுத்து நூறால் பெருக்குங்கள். 1.5 வர வேண்டும். அதற்கு மேலே வந்தால் வட்டிக்கு வட்டி போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம், உடனே எழுதிக் கொடுங்கள். ரிப்பேர் தவணை தாமதமானாலும் இதே தனி வட்டிதான்.

திருத்திய கணக்கு கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாள் அவகாசம். மொத்தமாக முடியாதவர்கள் தவணை கேட்டுக் கமிட்டிக்கு எழுதலாம். வேலை போய்விட்டது, வீட்டில் உடம்பு சரியில்லை என்ற நிலையில் இருப்பவர்கள் கூச்சப்படாமல் வாருங்கள், பேசி ஒரு வழி செய்யலாம். எதுவுமே சொல்லாமல் இருந்தால் மகாராஷ்டிரா கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 154பி-29 பிரிவின்படி பதிவாளரிடம் வசூல் சான்றிதழ் கேட்டு விண்ணப்பிப்போம். சான்றிதழ் கிடைத்துவிட்டால் நில வரி பாக்கியைப் போல வசூலிப்பார்கள், சொத்தை ஜப்தி செய்யும்வரை போகும். செலவும் அந்த உறுப்பினர் தலையில்தான் விழும். "தண்ணியை நிறுத்துங்க, தானா கட்டுவாங்க" என்று கூட்டத்தில் ஒரு குரல் எழுந்தது. சொசைட்டி அதைச் செய்யாது. அந்த வீட்டிலும் குழந்தைகளும் பெரியவர்களும் இருக்கிறார்கள், சட்டமும் அதற்கு இடம் தரவில்லை.

மற்றவை சுருக்கமாக. வாட்ச்மேன் சம்பளமும் மின்கட்டணமும் ஏறியதால் சேவைக் கட்டணம் அக்டோபர் முதல் 1,800லிருந்து 2,000. ஒன் பிஹெச்கேயின் மாத பில் இதோடு 3,200 ஆகிறது, நவம்பர் முதல் தவணையும் சேர்ந்து 5,200. மேலே சொன்ன டூ பிஹெச்கேயின் 4,300இல் இந்த உயர்வு ஏற்கெனவே அடக்கம். தணிக்கையாளராக இப்போது இருப்பவரே தொடர்கிறார். வரவு செலவு அறிக்கை ஏற்கப்பட்டது.

வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர்களுக்கு ஒரு விளக்கம். நான்-ஆக்குபன்சி கட்டணம் சேவைக் கட்டணத்தில் 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று மாநில அரசு 1 ஆகஸ்ட் 2001 அன்றே உத்தரவிட்டுவிட்டது. இப்போதைய கணக்கில் மாதம் 200 ரூபாய். மொத்த பில்லில் 10 சதவீதம் இல்லை, ரிப்பேர் தவணையிலும் இது சேராது. வீட்டில் இருப்பது உங்கள் பெற்றோரோ மகனோ கல்யாணமான மகளோ பேரப்பிள்ளைகளோ என்றால் இந்தக் கட்டணமே கிடையாது, அப்படிப் போட்டிருந்தால் எழுதிக் கொடுங்கள். ரிப்பேர் தவணையைக் கட்ட வேண்டியவர் உறுப்பினர், வாடகைக்கு இருப்பவரிடம் சொசைட்டி கேட்காது.

பணம் அனுப்பும்போது குறிப்பு இடத்தில் விங், வீட்டு எண், மாதம் மூன்றையும் எழுதுங்கள். வங்கி அறிக்கையில் இப்போது 17,200 ரூபாய் யாருடையது என்றே தெரியாமல் நிற்கிறது. அதை அனுப்பியவருக்கு நம் புத்தகத்தில் பாக்கி ஓடிக்கொண்டிருக்கும். ஏப்ரலுக்குப் பிறகு கட்டியும் ரசீது வராதவர்கள் பாஸ்புக்கோடு அலுவலகத்துக்கு வாருங்கள்.

வரைவுக் குறிப்பில் திருத்தம் இருந்தால் அக்டோபர் 20க்குள் எழுத்தில் கொடுங்கள். வாய்ப்பேச்சாகச் சொன்னால் பதிவில் ஏறாது. தமிழில் எழுதினாலும் பரவாயில்லை, நான் மொழிபெயர்த்துக் கமிட்டி முன் வைக்கிறேன். எதிர்த்து வாக்களித்த ஐவரில் தங்கள் எதிர்ப்பையும் காரணத்தையும் குறிப்பில் பதிய விரும்புபவர்களும் அதே தேதிக்குள் எழுதினால் அப்படியே சேர்ப்போம். அதன் பிறகு கமிட்டி கூடிக் குறிப்பை இறுதி செய்யும். முதல் ரிப்பேர் தவணை நவம்பர் பில்லோடு வரும், கட்டக் கடைசி நாள் நவம்பர் 30. அலுவலகம் செவ்வாய், வியாழன் மாலை ஏழு முதல் எட்டரை வரை திறந்திருக்கும். ஆடிட் அறிக்கை, மூன்று டெண்டர்கள், திருத்திய வட்டிக் கணக்கு எல்லாம் மேசைமேல்தான் இருக்கின்றன.

அன்புடன்,
செயலாளர்
நிர்வாகக் குழுவுக்காக